அமிலத்தின் வலிமையும் செறிவும்

அமிலங்களைப் பற்றிப் பேசும்போது வலிமை, செறிவு என்ற இரண்டு அளவுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஓர் அமிலத்தின் மூலக்கூறு தன் ஹைட்ரஜன் அயனியை நீருக்கு எவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுகிறது என்பதே அதன் வலிமை. ஒரு லிட்டர் கரைசலில் அந்த அமிலம் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது செறிவு. வலிமை அந்தப் பொருளின் இயல்பு. அதே பொருளை எந்தப் பாட்டிலில் வைத்தாலும் அது மாறாது. செறிவோ குறிப்பிட்ட ஒரு பாட்டிலில் உள்ள கரைசலைப் பற்றியது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் உடனே மாறிவிடும்.

ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்கள் வலிமைமிக்கவை. சாதாரண நீர்த்த கரைசலில் இவற்றின் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே அயனிகளாகப் பிரிந்துவிடும். அசிட்டிக், பார்மிக், ஹைட்ரோபுளூரிக் அமிலங்கள் வலிமை குறைந்தவை. இவற்றில் சிறு பங்கு மட்டுமே பிரியும், மிச்சம் முழு மூலக்கூறாகவே கரைந்து கிடக்கும். இரண்டு வகையையும் அடர் கரைசலாகவும் வைத்திருக்கலாம், நீர்த்த கரைசலாகவும் வைத்திருக்கலாம். ஆய்வகத்துக்கு வரும் 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமைமிக்கது, அடர்த்தியானதும்கூட. அதன் செறிவு லிட்டருக்குச் சுமார் 12 மோல். அதிலிருந்து தயாரித்த 0.001 மோலார் கரைசல் மிகவும் நீர்த்தது, ஆனால் அதில் இருப்பது அதே வலிமைமிக்க அமிலம்தான். தண்ணீரே கலக்காத கிளேசியல் அசிட்டிக் அமிலம் லிட்டருக்குச் சுமார் 17 மோல் செறிவுள்ளது. அது வலிமை குறைந்த அமிலம். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பதும் அதே அமிலம், நீர்த்த நிலையில்.

குழப்பம் அன்றாடப் பேச்சிலிருந்து வருகிறது. “டீ ஸ்ட்ராங்காக இருக்கட்டும்” என்றால் தூளைக் கூட்டச் சொல்கிறோம் என்று பொருள். வேதியியலில் அது செறிவு. வலிமை என்ற சொல்லுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. தேர்வு விடைகளில் “நீர் சேர்த்ததால் அமிலம் வலிமை குறைந்தது” என்று எழுதப்படும் பிழைக்குப் பெரும்பாலும் இதுவே வேர்.

இரண்டு கரைசல்களின் pH ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே வலிமையா?

இல்லை. இந்தக் கேள்வியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே தெளியும் என்பதால் இதை விரிவாகப் பார்ப்பது நல்லது.

மேசையில் இரண்டு குடுவைகள். ஒன்றில் 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது முழுதும் பிரிவதால் ஹைட்ரோனியம் அயனியின் செறிவும் 0.001, அதாவது pH 3. மற்றதில் அசிட்டிக் அமிலம். அதன் pH-உம் 3 ஆக வேண்டுமானால் எவ்வளவு அமிலம் கரைந்திருக்க வேண்டும்? 25 பாகை செல்சியசில் அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. ஹைட்ரோனியம், அசிட்டேட் ஆகிய இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கி, பிரியாமல் நிற்கும் அமிலத்தின் செறிவால் வகுத்தால் இந்த எண் வர வேண்டும். இரண்டு அயனிகளும் 0.001 என்றால்:

Ka = (0.001 × 0.001) / (C − 0.001) = 1.8 × 10⁻⁵

இதிலிருந்து C ஏறக்குறைய 0.057 மோலார். அதாவது, pH மீட்டர் இரண்டு குடுவையிலும் 3 என்றே காட்டும், ஆனால் இரண்டாவது குடுவையில் முதலாவதைப்போல 57 மடங்கு அமிலம் இருக்கிறது. அதில் 57 மூலக்கூறுக்கு ஒன்றுதான் அந்தக் கணத்தில் பிரிந்திருக்கிறது. மீட்டர் அந்த ஒன்றை மட்டுமே அளக்கிறது. மீதி 56 அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எது எந்தக் குடுவை என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, இரண்டையும் பத்து மடங்கு நீர்த்துவிட்டு மறுபடி pH பார்ப்பது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சரியாக ஒரு அலகு ஏறி 4-க்கு வரும். அசிட்டிக் அமிலம் சுமார் 3.5-இலேயே நின்றுவிடும், ஏனென்றால் நீர்த்தவுடன் பிரியாதிருந்த மூலக்கூறுகள் மேலும் பிரிந்து இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. இரண்டாவது வழி, காரத்தால் தரம் பார்ப்பது. ஒவ்வொன்றிலும் 25 மில்லிலிட்டர் எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குக் கால் மில்லிலிட்டர் போதும். அசிட்டிக் அமிலத்துக்குச் சுமார் 14 மில்லிலிட்டர் தேவைப்படும்.

தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் வலிமைமிக்க அமிலம் வலிமை குறைந்ததாகிவிடுமா? அல்லது வலிமை குறைந்தது வலிமைமிக்கதாகுமா?

முதல் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லலாம்: ஆகாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது முழுதாகப் பிரிந்தே இருக்கும்.

இரண்டாவது கேள்வி கூர்மையானது, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 1.3 சதவீத மூலக்கூறுகளே பிரிகின்றன. 0.01 மோலாரில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். 0.001 மோலாரில் 12.5 சதவீதம். நீர்க்க நீர்க்கப் பிரியும் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. பங்கை மட்டும் பார்ப்பவர் அமிலம் வலுவடைகிறது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் இந்த மூன்று கரைசல்களிலும் பிரிகை மாறிலி அதே 1.8 × 10⁻⁵ தான். மாறுவது செறிவு. செறிவுக்கு ஏற்பச் சமநிலை நகர்வதால் பங்கு மாறுகிறது. அதனால்தான் வலிமையின் அளவுகோலாக வேதியியலர் பிரிகை வீதத்தை வைத்துக்கொள்ளாமல் பிரிகை மாறிலியை வைத்துக்கொண்டார்கள். பிரிகை வீதத்தைச் சொன்னால் எந்தச் செறிவில் என்றும் கூடவே சொல்ல வேண்டும். மாறிலிக்கு வெப்பநிலையையும் கரைப்பானையும் சொன்னால் போதும்.

இந்த வேறுபாடு முதலில் பிடிபட்டது மின்கடத்தலை அளந்ததில். சுவீடனைச் சேர்ந்த ஸ்வான்டே அரீனியஸ் 1884-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கரைசல்களின் மின்கடத்து திறனை ஆராய்ந்தார். சமச் செறிவுள்ள அமிலங்கள் சமமாகக் கடத்துவதில்லை என்பதற்கு, கரைந்ததில் ஒரு பகுதியே கடத்தும் நிலையில் இருக்கிறது என்ற விளக்கம் அங்கிருந்து வளர்ந்தது. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1888-இல் அதைக் கணக்காக்கி, நீர்த்தலோடு பிரிகை வீதம் எப்படி மாறுகிறது என்ற நீர்த்தல் விதியைத் தந்தார். மேலே pH கணக்கிட்டதும் அதே உறவை வைத்துத்தான்.

கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் மின்முனைகளை இறக்கினால் மின்சாரம் மிக மிகக் குறைவாகவே பாயும். அதில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கடத்துதிறன் ஏறத் தொடங்கும். ஓர் உச்சத்தைத் தொட்ட பிறகு, மேலும் நீர்த்தால் இறங்கும். தண்ணீர் இல்லாதபோது ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் வந்ததும் பிரிகை நடக்கிறது. தண்ணீர் மிகும்போது ஒரு லிட்டரில் உள்ள அயனிகளின் எண்ணிக்கையே குறைகிறது. செறிவைக் கூட்டினால் “அமிலத்தன்மை” எப்போதும் கூடும் என்று எண்ணுபவருக்கு இந்தச் சோதனையை நான் பரிந்துரைப்பேன்.

வலிமை குறைந்த அமிலத்தை நடுநிலையாக்கக் குறைவான காரம் போதுமா?

போதாது. 25 மில்லிலிட்டர் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லிலிட்டர் வேண்டும். அதே அளவு, அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் 25 மில்லிலிட்டர்தான். பியூரெட்டிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் அந்தக் கணத்தில் இருக்கும் ஹைட்ரோனியம் அயனிகளை நீக்குகிறது. உடனே பிரியாதிருந்த மூலக்கூறுகள் பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. இது கடைசி மூலக்கூறு வரை தொடரும். மக்னீசிய நாடாவைப் போட்டாலும் இதே கதைதான். நாடா மிகுதியாக இருந்தால் இரண்டு அமிலமும் கடைசியில் ஒரே அளவு ஹைட்ரஜனைத் தரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது விறுவிறுவென்று வரும், அசிட்டிக் அமிலத்தில் நிதானமாக வரும். வேகத்தில்தான் வலிமை தெரிகிறது, மொத்தத்தில் இல்லை.

வலிமை குறுக்கிடும் இன்னோர் இடம் நிறங்காட்டி. அசிட்டிக் அமிலத்தின் தரம் பார்த்தலில் சமான நிலையின்போது கரைசலில் அசிட்டேட் அயனி இருப்பதால் pH சுமார் 8.7 ஆக, காரப் பக்கம் சாய்ந்திருக்கும். பினாப்தலீன் அங்கே சரியாக நிறம் மாறும். மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையிலேயே மாறிவிடுவதால், பாதி அமிலம்கூட முடியாத நிலையில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். நிறம் திடீரெனத் தாவாமல் பல மில்லிலிட்டருக்கு மெல்ல மெல்ல மாறினால், நிறங்காட்டி தவறு என்று அதுவே சொல்லிவிடுகிறது.

வலிமை குறைந்த அமிலம் ஆபத்தில்லாததா?

அந்த எண்ணம்தான் இந்தக் குழப்பத்தின் ஆபத்தான பக்கம். நம் இரைப்பையில் சுரப்பது வலிமைமிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஆனால் நீர்த்தது. வலிமை குறைந்த கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலில் பட்டால் புண்ணாக்கும். அதன் ஆவியும் கண்ணையும் மூக்கையும் தாக்கும்.

ஹைட்ரோபுளூரிக் அமிலம் இன்னும் கொடியது. பிரிகை மாறிலியின்படி அது வலிமை குறைந்த அமிலம். பிரியாத சிறு மூலக்கூறாக இருப்பதாலேயே அது தோலுக்குள் எளிதாக ஊடுருவுகிறது. உள்ளே போன புளூரைடு, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீர்த்த கரைசலாக இருந்தால் வலி பல மணி நேரம் கழித்தே தெரியலாம். அதற்குள் திசு சேதமாகிவிடும், இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுகோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது இதற்காகத்தான். களிம்பு இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இந்த வரையறைகள் எங்கே தளர்கின்றன?

வலிமைமிக்க அமிலம் முழுதும் பிரியும் என்பது நீர்த்த கரைசலுக்குப் பொருந்தும் கூற்று. 98 சதவீதக் கந்தக அமிலத்தில் தண்ணீர் மிகக் குறைவு என்பதால், பெரும்பகுதி பிரியாத H₂SO₄ மூலக்கூறாகவே இருக்கிறது. இதன் விளைவு தொழிற்சாலையில் கண்கூடு. நீர்த்த கந்தக அமிலம் இரும்பை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். 98 சதவீத அமிலமோ சாதாரண வெப்பநிலையில் இரும்பின் மேல் இரும்பு சல்பேட் படலத்தை உண்டாக்கி, அரிப்பை மட்டுப்படுத்திவிடுகிறது. அதனால் அடர் அமிலத்தை எஃகுத் தொட்டிகளிலேயே சேமிக்கிறார்கள். அடர் அமிலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தொட்டியின் மேல்பகுதியிலும் மூடியின் ஓரத்திலும் ஒட்டியிருக்கும் அமிலம் ஈரத்தை வாங்கி நீர்த்துப்போனால், முதலில் அங்கேதான் எஃகு அரிக்கப்படுகிறது. அரிப்பில் வரும் ஹைட்ரஜன் காலித் தொட்டியின் உச்சியில் தேங்கும். அப்படிப்பட்ட தொட்டியில் பற்றவைக்கும் வேலையைத் தொடங்குமுன் உள்ளிருக்கும் வாயுவைச் சோதித்துப் பார்ப்பது கட்டாயம்.