ஃபேனை ஆஃப் பண்ணா ஏன் உடனே நிக்கல? ஹெவிசைடும் லாப்லாஸும்

இந்த எபிசோடை ஒரு சீலிங் ஃபேன்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்விட்சை அணைச்ச பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும். இந்தச் சாதாரண விஷயத்துல ஒரு பெரிய கணிதச் சண்டை ஒளிஞ்சிருக்கு.

ஆலிவர் ஹெவிசைட், 1850-ல் லண்டனில் பிறந்தவர். காலேஜ் பக்கமே போகாதவர். தந்தி ஆபரேட்டரா வேலை பார்த்து, 24 வயசுலயே வேலையை விட்டுட்டு, வீட்டுல உட்கார்ந்து தானே கணிதம் படிச்சார். கேபிள்ல சிக்னல் எப்படிப் போகுதுங்கிறதுதான் அவரோட கேள்வி. அதுக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்களைத் தீர்க்கணும். அதுல நிறைய நேரம் போகும்.

அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சார். "நேரத்தைப் பொறுத்த மாற்ற வீதம்" என்பதை `p` என்று ஒரே எழுத்தால் குறித்தார். பிறகு அந்த `p`-யை ஒரு எண்ணைப் போலவே பெருக்கினார், வகுத்தார். நம்ம ஃபேன் மோட்டாரையே எடுத்துக்குவோம். `J` என்பது சுழலும் பாகத்தின் நிலைமத் திருப்புத்திறன், `b` உராய்வு, `T` மோட்டார் தரும் திருப்புவிசை, `w` வேகம்.

`J dw/dt + b w = T`

ஹெவிசைட் கையில் இது `(Jp + b) w = T` ஆகிடும். அப்புறம் `w = T/(Jp + b)`. பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா, அவ்வளவுதான்.

விடைகள் சரியா வந்துச்சு. ஆனா ஏன் சரியா வருதுன்னு அவரால நிரூபிக்க முடியல. 1893-ல் ராயல் சொசைட்டி அவருடைய இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. மூன்றாவதை ஒரு கணித அறிஞரின் மதிப்பீட்டுக்கு அனுப்பி, 1894-ல் நிராகரிச்சது. ஹெவிசைடுக்கு அந்தக் கசப்பு கடைசி வரைக்கும் போகல.

கணித அறிஞர்கள் வெறும் பிடிவாதக்காரங்கதானா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஃபேனை ஆஃப் பண்ணிப் பாருங்க. இப்போ `T` பூஜ்யம். சமன்பாடு `(Jp + b) w = 0`. `p`-யை எண்ணா நினைச்சு வகுத்தா `w = 0`. அதாவது ஸ்விட்ச் போட்ட அந்த நொடியே ஃபேன் நின்னிடணும்! கண்ணெதிரே சுத்துற ஃபேனைக் கணக்கு இல்லைன்னு சொல்லுது.

தப்பு எங்கே? ஹெவிசைடோட முறை, எல்லாமே ஓய்வுல இருந்து தொடங்குதுன்னு எடுத்துக்கும். ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற ஒன்னைக் கொடுத்தா, அதைத் தனியா சொல்லணும். அதை மறந்தா கணக்கு வழுக்கிடும்.

இதைச் சரி செய்யற கருவி ஹெவிசைடுக்கு முன்னாடியே இருந்தது. பிரெஞ்சுக்காரர் லாப்லாஸ், நிகழ்தகவுக் கணக்குகளுக்காக அதே மாதிரி ஒரு தொகையீட்டைப் பயன்படுத்தியிருந்தார். ஒரு சார்பை `e^(-st)`-ஆல் பெருக்கி, பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை கூட்டுறது. 1916-ல் பிராம்விச், பிறகு கார்சன் என்று பலர் ஹெவிசைடோட முறைக்கு அடித்தளம் தேடினாங்க. 1937-ல் டோயெட்ஷ் லாப்லாஸ் உருமாற்றத்தைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

அந்தத் தொகையீட்டைப் போட்டா `dw/dt` என்பது `sW - w(0)` ஆகுது. ஹெவிசைடோட `p` இருந்த இடத்துல `s`. கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற `w(0)`, தொடக்க வேகம். ஃபேனுக்குப் போடுவோம்:

`J(sW - w(0)) + bW = 0`

`W = w(0) / (s + b/J)`

அட்டவணையில் பார்த்தா, இது `w(0) e^(-bt/J)`. `J/b` 10 நொடி, தொடக்க வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றுன்னு வைங்க. 10 நொடியில் சுமார் 110 சுற்று, 20 நொடியில் சுமார் 41. ஃபேன் மெதுவா அடங்குது.

இப்போ கீழே இருக்கிற `s + b/J`-யைப் பாருங்க. அது பூஜ்யமாகிற இடம் `s = -b/J`. இதைத்தான் போல் என்பாங்க. கண்ட்ரோல் பொறியாளர் முழு விடையையும் எழுத மாட்டார். இந்த ஒரு எண்ணைப் பார்ப்பார். மைனஸ்னா அடங்கும், பிளஸ்னா எகிறும்.

வேகத்தை அளந்து, தேவைப்பட்ட வேகத்துக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை `K` மடங்கா மோட்டாருக்குக் கொடுத்தா, போல் `-(b + K)/J`-க்கு நகரும். `K = 9b` வைங்க. 10 நொடி 1 நொடியா சுருங்கிடும். ஆனா 300 கேட்டா 270-லதான் நிலைக்கும், ஏன்னா உராய்வைச் சமாளிக்கவே கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சியாகணும். இரண்டுமே அல்ஜீப்ராவிலேயே தெரிஞ்சிடுது.

ஒன்னு மட்டும் ஒத்துக்கணும். நிஜ ஃபேன்ல காற்றோட எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும். அங்கே லாப்லாஸ் அப்படியே வேலை செய்யாது. ஒரு வேகத்துக்குப் பக்கத்துல நேர்கோடா பாவிச்சுத்தான் பயன்படுத்த முடியும்.

ஹெவிசைட் 1925-ல் இறந்தார். அவர் வழி சரி; அவரைக் கேள்வி கேட்டவங்க கேள்வியும் சரி. அந்தக் கேள்விக்குப் பதிலா வந்த உருமாற்றத்துல, ஒவ்வொரு வரியிலும் `w(0)` தானா வந்து நிக்குது. ஸ்விட்சை அணைக்கும்போது ஃபேன் எவ்வளவு வேகத்துல இருந்ததுங்கிறதை இனி யாரும் மறக்க முடியாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.