காலக்குறியும் கடிகாரமும்



அமெரிக்காவிலே ஒரு தொலைக்காட்சி நிலையம். மூன்று மணித்தியாலம் நீண்ட ஒரு விளையாட்டுப் போட்டியை அது பதிவு செய்து வைத்திருக்கிறது. இடையிடையே வந்த விளம்பரங்களை நீக்கிவிட்டு, எஞ்சியதை மறுநாள் ஒளிபரப்பவேண்டும். ஓர் அலுவலர் பதிவைப் பார்த்து, வெட்டவேண்டிய இடங்களின் நேரங்களை வரிசையாகக் குறித்துக் கொடுக்கிறார். வேறோர் இயந்திரத்தில் மற்றொருவர் அந்த நேரங்களின்படி வெட்டுகிறார். முதலாவது வெட்டு சரியாக விழுகிறது. ஒரு மணித்தியாலம் கழிந்தபின் விழவேண்டிய வெட்டு ஏறக்குறைய மூன்றரைச் செக்கன் பிந்துகிறது. இறுதி வெட்டோ பத்துச் செக்கனுக்கு மேல் பிந்தி, அறிவிப்பாளரின் பேச்சை நடுவிலே துண்டிக்கிறது. குறித்தவரும் தவறவில்லை, வெட்டியவரும் தவறவில்லை. அப்படியாயின் பிழை எங்கே நுழைந்தது? இதற்கு விடைகாண நாம் 1953ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1941ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டது. ஒரு செக்கனுக்கு 30 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 525 வரிகள் என்பதே அவ்வொழுங்கு. அந்நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 60 சுற்றுக்கள் உடையதாதலால், அதன் சரிபாதியான 30 என்னும் எண் அவர்களுக்கு வசதியாயிருந்தது. முப்பது படம் எண்ணினால் ஒரு செக்கன் சென்றுவிட்டது என்று எவரும் நம்பலாம். படமும் கடிகாரமும் கைகோத்து நடந்த காலம் அது.

பின்னர் வர்ணத் தொலைக்காட்சி வந்தது. ஏற்கெனவே இலட்சக்கணக்கான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தமையால், அவற்றைப் பயனற்றவையாக்காமல் வர்ணத்தைச் சேர்க்கவேண்டியிருந்தது. ஆகவே, பழைய அலையினுள்ளேயே வர்ணச் செய்தியைச் சுமந்து செல்ல ஒரு துணை அலையைப் புகுத்தினார்கள். படத்தின் அலைக்கும் ஒலியின் அலைக்கும் இடையேயுள்ள தூரம் செக்கனுக்கு 45 இலட்சம் சுற்றுக்கள். வர்ணத்தின் துணை அலையும் ஒலியின் அலையும் ஒன்றோடொன்று மோதினால், திரையிலே ஊர்ந்து செல்லும் புள்ளிக் கோலம் ஒன்று தோன்றிப் பார்ப்போரை வருத்தும். ஒலியலையை நகர்த்தவும் இயலாது. நகர்த்தினால் பழைய பெட்டிகள் ஒலியை ஒழுங்காகப் பற்றமாட்டா. எஞ்சிய வழி, வரிகளின் வேகத்தைச் சிறிது குறைத்து, 45 இலட்சம் என்பதை வரிவேகத்தின் சரியான 286 மடங்காக ஆக்கிவிடுவதே. அவ்வாறே செய்தார்கள். செக்கனுக்கு 15,750 ஆக இருந்த வரிகள் ஏறத்தாழ 15,734 ஆயின. வரி குறையவே படமும் குறைந்தது. முப்பது என்பது ஆயிரத்தொன்றுக்கு ஆயிரம் என்ற விகிதத்தில் சுருங்கி, ஏறக்குறைய 29.97 ஆயிற்று. 1953ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அமெரிக்க அரசின் ஆணைக்குழு இவ்வொழுங்கை ஏற்றுக்கொண்டது.

ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று அன்று எவரும் கவலைப்படவில்லை. கவலைப்படக் காரணமும் இருக்கவில்லை. ஏனெனில் அக்காலத்தில் படங்களை ஒருவரும் எண்ணவில்லை. 1956இல் ஒளிப்பதிவு நாடா வழக்குக்கு வந்தபோதும் நாடாவைக் கத்தியாலேயே வெட்டினார்கள். நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தைப் பூசி, பதிவின் தடங்களைக் கண்ணுக்குத் தெரியச் செய்து, இரண்டு படங்களுக்கு இடையே வெட்டி ஒட்டினார்கள். 1967இல் கலிபோர்னியாவின் நிறுவனமொன்று நாடாவிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முகவரி கொடுக்கும் முறையை உருவாக்கியது. மணித்தியாலம், நிமிடம், செக்கன், படம் என்ற நான்கு எண்களாலான அந்த முகவரிக்கே டைம்கோட், அதாவது காலக்குறி, என்று பெயர். அதன்பின் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளரின் சங்கம் அதனைப் பொது நியமமாக்கியது.

இங்கேதான் பழைய சிறு வித்தியாசம் தலைதூக்கியது. காலக்குறி முப்பது படம் எண்ணியதும் செக்கனில் ஒன்று கூட்டுகிறது. ஆனால் முப்பது படம் ஓடுவதற்கு ஒரு செக்கனிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அதிகமாகப் பிடிக்கிறது. காலக்குறி ஒரு மணித்தியாலம் என்று காட்டும்போது சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணித்தியாலமும் 3.6 செக்கனும் கடந்துவிட்டன. விளம்பரங்களைச் செக்கன் கணக்கில் விற்கும் நிலையத்துக்கு மூன்றரைச் செக்கன் சிறிதன்று. ஒரு மணித்தியால நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சியின் தலையிலே ஏறி நிற்கும்.

மூன்றரைச் செக்கன் என்பது 108 படம். இதனைச் சரிப்படுத்த வகுத்த உபாயத்துக்கு டிறொப் பிறேம் என்று பெயரிட்டார்கள். படத்தை விடுதல் என்பது அச்சொல்லின் பொருள். பலரைக் குழப்பிய பெயர் இது. உண்மையில் ஒரு படமும் விடப்படுவதில்லை. விடப்படுவன எண்கள் மாத்திரமே. பாடசாலை இடாப்பிலே 12ஆம் இலக்கத்துக்குப் பின் 15ஆம் இலக்கத்தை எழுதினால், வகுப்பிலே இரண்டு பிள்ளைகள் குறைந்துவிட மாட்டார்கள். இலக்கம் மாத்திரமே தாவுகிறது. அதுபோல, ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்னும் இரண்டு படவெண்களையும் பயன்படுத்தாது விட்டுவிடுகிறார்கள். 00:00:59;29 என்ற படத்துக்கு அடுத்த படத்தின் பெயர் 00:01:00;02 ஆகும். நிமிடந்தோறும் இரண்டு விட்டால் மணித்தியாலத்துக்கு 120 ஆகிவிடும், வேண்டியதோ 108. ஆதலால் பத்தாவது, இருபதாவது, முப்பதாவது என்றிவ்வாறு பத்தால் வகுபடும் நிமிடங்களில் எண்ணை விடுவதில்லை. எஞ்சிய 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக விட 108 ஆகிறது.

நான்காண்டுக்கு ஒருமுறை பெப்ரவரிக்கு ஒரு நாளைக் கூட்டி, நூற்றாண்டுகளிற் சிலவற்றில் அதனைக் கூட்டாது விடும் பஞ்சாங்கக் கணக்கும் இத்தகையதே. இரண்டிலும் ஒரு விதி, அவ்விதிக்கு ஒரு விலக்கு. இரண்டிலும் இறுதியில் ஒரு துளி மிச்சம். ஒரு மணித்தியாலத்தில் உண்மையாக ஓடுவன 107,892 படங்களும், ஒரு படத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குமாகும். காலக்குறி 107,892 வரையே எண்ணுகிறது. ஆகவே அது மணித்தியாலத்துக்கு 0.0036 செக்கன் விரைவாக ஓடுகிறது. ஒரு நாளில் இது 0.0864 செக்கன், அதாவது இரண்டரைப் படத்துக்குச் சற்று அதிகம். ஒளிபரப்பு நிலையங்களில் இடையறாது ஓடும் காலக்குறி இயந்திரத்தை, நாளுக்கொருமுறை, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், உண்மைக் கடிகாரத்தோடு மீண்டும் பொருத்திவிடுவது இதனாலேயே. அந்த நேரத்தைத் தாண்டிச் செல்லும் பதிவொன்றில், காலக்குறி அவ்விடத்தில் இரண்டு மூன்று படம் தாவக் காணலாம்.

பத்து நிமிடத்துக்குள்ளும் காலக்குறி கடிகாரத்தோடு ஒட்டி நடப்பதில்லை. முதல் நிமிடம் முடியும் தறுவாயில் அது இரண்டு படமளவு பின்தங்குகிறது. எண் தாவியதும் சற்று முந்துகிறது. இவ்வாறு முந்தியும் பிந்தியும் சென்று, பத்தாவது நிமிடத்தில் கடிகாரத்தோடு வந்து சேர்கிறது. எனவே சரியாக வாசிக்கப்பட்ட டிறொப் பிறேம் காலக்குறியின் பிழை, ஒரு சாதாரணப் பதிவில், ஓரிரு படத்தைத் தாண்டுவதில்லை.

அப்படியிருக்க, நாம் தொடக்கத்திற் கண்ட பத்துச் செக்கன் எவ்வாறு வந்தது? காலக்குறியைச் செக்கனாக மாற்றும்போது வந்தது. ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். அலுவலர் குறித்த ஒரு வெட்டு 02:14:10;00 என்று வைத்துக்கொள்வோம். இது 134 நிமிடமும் 10 செக்கனும். செக்கனாகச் சொன்னால் 8,050. முப்பதாற் பெருக்கினால் 241,500 படம். கடந்த 134 நிமிடங்களில் பத்தால் வகுபடுவன 13. ஏனைய 121 நிமிடங்களில் இரண்டிரண்டாக விடப்பட்ட எண்கள் 242. அவற்றைக் கழித்தால், இப்படத்துக்கு முன் உண்மையில் ஓடிய படங்கள் 241,258. இவை ஓடப் பிடித்த காலம் 8,049.975 செக்கன். கடிகாரத்தோடு ஒரு படத்துக்கும் குறைவான வித்தியாசமே.

இப்பொழுது வெட்டுபவரின் இயந்திரம் எண்கள் விடப்பட்டதை அறியாதிருந்தால், 241,500ஆவது படத்தைத் தேடிச் செல்லும். அது 242 படம் அப்பால் இருக்கிறது. வெட்டு எட்டுச் செக்கன் பிந்தி விழும். மாறாக, 241,258 என்ற சரியான படத்தொகையை அறிந்தும், அதனை 29.97ஆல் வகுக்காது 30ஆல் வகுத்துச் செக்கனாக்கினால், ஏறக்குறைய எட்டுச் செக்கன் முந்தி விழும். முன்னது எண்ணைப் பற்றிய மறதி. பின்னது வேகத்தைப் பற்றிய மறதி. ஒன்று வெட்டைப் பின்னே தள்ள, மற்றது முன்னே இழுக்கிறது.

இப்பிழையை இனங்காண ஒரு வழியுண்டு. பதிவின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் ஒவ்வோர் இடத்தைத் தெரிந்து, பிழை எவ்வளவென்று அளந்து பார்க்கவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவாயின், பதிவு தொடங்கிய நேரத்தைத் தவறாகக் கொண்டிருக்கிறோம்; காலக்குறியின் வகை காரணமன்று. மணித்தியாலத்துக்கு 3.6 செக்கன் வீதம் ஒரே சீராக வளர்ந்தால், மேற்கூறிய இரண்டு மறதிகளுள் ஒன்றே காரணம். ஓரிடத்தில் திடீரென மாறி அதன்பின் மாறாதிருந்தால், பதிவு அங்கே அறுபட்டிருக்கிறது அல்லது காலக்குறி மீளப் பொருத்தப்பட்டிருக்கிறது. திரையிலே காணும் குறியும் துணைசெய்யும். இறுதி எண்ணுக்கு முன் அரைப்புள்ளி இருந்தால் அது டிறொப் பிறேம் என்பது வழக்கம். எனினும் எல்லா இயந்திரமும் அவ்வழக்கைப் பேணுவதில்லை. ஐயமிருப்பின் முதல் நிமிடம் மாறும் இடத்துக்குச் சென்று பாருங்கள். 00:01:00:00 என்ற படம் அங்கே இருந்தால் எண் விடப்படவில்லை, இல்லாவிட்டால் விடப்பட்டிருக்கிறது.

நம் நாட்டுத் தொலைக்காட்சி செக்கனுக்கு 25 படம் என்னும் ஒழுங்கைப் பின்பற்றியமையால் இத்தொல்லை நமக்கு நேரவில்லை. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு பெருநிலையங்களின் பழைய அலைவரிசை ஒளிபரப்பு ஓய்ந்தது. ஊர்ந்து செல்லும் புள்ளிக் கோலத்துக்கு அஞ்சவேண்டிய தேவையும் அதனோடு மறைந்தது. ஆனால் 29.97 மறையவில்லை. அந்த வேகத்திற் பதிவான அரை நூற்றாண்டு நிகழ்ச்சிகளும், அதற்கென அமைந்த கருவிகளும் அதனை விடவில்லை. பழைய பெட்டி வைத்திருந்தோருக்காக 1953இல் விட்டுக்கொடுத்த ஆயிரத்தில் ஒரு பங்கை, நீண்ட பதிவொன்றை வெட்ட அமரும் அலுவலர் இன்றும் தம் கணக்கிற் சேர்த்தே ஆகவேண்டியிருக்கிறது.