அறுபத்து நான்கு கட்டங்களும் நூற்றிருபது சுழியங்களும்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் தானியமணிகளைப் பரிசாகக் கேட்ட கதையை அறியாதார் நம்மில் குறைவு. முதற் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, பின் நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்றால் மொத்தம் இருபது இலக்க எண்ணாகி, அரசனின் களஞ்சியத்தைக் காலிசெய்துவிடும். கதை அங்கே முடிகிறது. ஆனால் அதே பலகையில் காய்களை அடுக்கி ஆடத் தொடங்கினால், இரு தரப்பினரும் ஏழேழு முறை நகர்த்தி முடிக்கையில், ஆட்டம் சென்றிருக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை அந்தத் தானியமணிகளைப் போல் மூன்று மடங்குக்கு மேலாகிவிடுகிறது. கதைக்கு அது தெரியாது.

தொடக்கம் என்னவோ எளிமையானதுதான். வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் இருபது வாய்ப்புகள்: எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ செல்லலாம், இரு குதிரைகளுக்கும் இவ்விரண்டு இடங்கள் உண்டு. கறுப்புக்கும் அதே இருபது. ஆக 400. இங்கிருந்து இருபதால் பெருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும், முடியாது. வெள்ளை முதலில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தியிருந்தால், அடுத்த முறை அதற்குப் பெரும்பாலும் 19 வாய்ப்புகளே இருக்கும்; குதிரைக்குரிய ஓரிடத்தைச் சிப்பாய் அடைத்துக்கொண்டது. மாறாக, ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்தி, கறுப்பும் அவ்வாறே செய்திருந்தால் வெள்ளைக்கு 29 வாய்ப்புகள். ராணிக்கும் மந்திரிக்கும் வழி திறந்துவிட்டது. ஒவ்வொரு நகர்த்தலும் அடுத்ததன் வாய்ப்புகளை மாற்றியமைப்பதால், ஒரே பெருக்கலில் விடை தரும் சூத்திரம் இல்லை. கிளை கிளையாகச் சென்று எண்ணித்தான் ஆகவேண்டும். அப்படி எண்ணினால் மூன்றாம் நகர்த்தலின் முடிவில் 8,902, நான்காவதில் 1,97,281, இரு தரப்பும் மும்மூன்று முறை ஆடியபின் 11 கோடியே 90 இலட்சத்துக்கு மேல்.

இந்தக் கிளைகளின் முடிவில் என்ன இருக்கிறது என்று முதன்முதலில் அளவிட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் கிளாட் ஷானன். தகவல் கோட்பாட்டை 1948இல் வகுத்த அதே அமெரிக்கர்தான். கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது பற்றி 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு போகிறபோக்கில் வருகிறது. ஒரு நிலையில் சராசரியாக முப்பது நகர்த்தல்கள் சாத்தியம் என்று அவர் கொண்டார். வெள்ளையும் கறுப்பும் ஒருமுறை ஆடினால் முப்பதின் முப்பது மடங்கு, ஏறத்தாழ ஆயிரம். ஓர் ஆட்டம் நாற்பது சுற்றுகளில் முடிவதாகக் கொண்டால் ஆயிரத்தை நாற்பது முறை பெருக்கவேண்டும். விடை, ஒன்றின் பின் 120 சுழியங்கள்.

இது எண்ணிக் கண்ட தொகையன்று, உத்தேச மதிப்பீடு என்பதை நாம் மறக்கலாகாது. ஆட்டங்கள் நாற்பது சுற்றுகளைத் தாண்டிச் செல்வது வெகு சாதாரணம். எனினும் இந்த மதிப்பீடே நம் கற்பனையைத் திணறடிக்கிறது. காணக்கூடிய பேரண்டத்திலுள்ள அணுக்கள் ஒன்றின் பின் எண்பது சுழியங்கள் அளவு என்பர். அணுவுக்கோர் ஆட்டமாக எழுதிவைத்தாலும் இந்த ஒரு பேரண்டம் போதாது. ஒன்றின் பின் நாற்பது சுழியங்கள் அத்தனை பேரண்டங்கள் வேண்டும். ஷானன் இதைச் சொன்னது வியக்கவைப்பதற்காக அன்று. எல்லா ஆட்டங்களையும் இறுதிவரை ஆராய்ந்து ஆடும் இயந்திரம் கைகூடாது, ஆகவே சில நகர்த்தல்கள் தூரம் பார்த்து நிலையை மதிப்பிட்டு ஆடுவதே வழி என்று நிறுவுவதற்காக.

பலரும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. நிலைகள் வேறு, ஆட்டங்கள் வேறு. சிப்பாயை முதலில் நகர்த்திப் பின் குதிரையை எடுத்தாலும், குதிரையை முதலில் எடுத்துப் பின் சிப்பாயை நகர்த்தினாலும் பலகையில் தெரியும் காட்சி ஒன்றே, ஆட்டங்களோ இரண்டு. ஓர் ஊருக்கு எண்ணற்ற வழிகள் இருப்பதுபோல. விதிப்படி அமையக்கூடிய நிலைகள் 45 இலக்க எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது இன்றைய மதிப்பீடு. பலகை சிறியதுதான், அதன்மீது நடந்து செல்லும் வழிகளே பெருகுகின்றன.

அப்படியானால் ஆட்டங்கள் முடிவிலியா? இல்லை, இங்கு விதிகள் குறுக்கிடுகின்றன. சிப்பாய் பின்னோக்கி வராது, வெட்டுண்ட காய் மீளாது. ஐம்பது சுற்றுகள் சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் கழிந்தால் ஆடுபவர் சமன் கோரலாம். யாரும் கோராவிட்டால்? 2014 வரை ஏட்டளவில் அந்த ஆட்டம் என்றென்றும் நீண்டிருக்கலாம். அவ்வாண்டு சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு, எழுபத்தைந்து சுற்றுகள் அவ்வாறு கழிந்தால், அதன் கடைசி நகர்த்தல் ராஜாவை வீழ்த்தினாலன்றி, யாரும் கோராமலே ஆட்டம் சமன் என்று விதித்தது. அன்றுமுதல் ஆட்டங்களின் எண்ணிக்கைக்குத் திட்டமான ஒரு முடிவு உண்டு. அதை எண்ணி முடிக்கத்தான் இடமும் இல்லை, காலமும் இல்லை.