வங்கியில் ரெண்டு கையெழுத்து, போனில் ஒரே பின் நம்பர்: சுய உதவிக் குழுப் பணத்தை மோசடியில் இருந்து காப்பது எப்படி?

மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்கில் இருந்து 500 ரூபாய் எடுக்க வேண்டும் என்றாலும் ஒருவரால் மட்டும் முடியாது. ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பில் இருப்பவர்களில் குறைந்தது ரெண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். தீர்மான நோட்டில் எழுதியிருக்கவும் வேண்டும். ஆனால் அதே குழுவின் பணம் மாதாமாதம் சில நாட்கள் ஒரே ஒருவரின் செல்போனில், ஒரே ஒரு ரகசிய எண்ணை நம்பி இருக்கிறது.

கிராமத்துக் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசிய வங்கி நிதிக் கல்வி ஆலோசகர், தன் பேச்சை இந்த இடத்தில் இருந்துதான் தொடங்கினார். "பேங்குல ரெண்டு பேர் கையெழுத்து கேக்குறாங்க. போன்ல ஒருத்தர் நாலு நம்பரைத் தட்டினா போதும். அப்போ பூட்டு எங்கம்மா பலவீனமா இருக்கு?" என்று அவர் கேட்டதும், பெண்கள் எல்லோரும் ஊக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பேசியது என்ன? குழுவில் இருப்பவர்கள் நடைமுறையில் செய்ய வேண்டியது என்ன? பார்க்கலாம்.

பிரச்னை எங்கே தொடங்குகிறது?

முன்பு கூட்டத்தன்று எல்லோரும் கையில் ரொக்கம் கொண்டுவருவார்கள். இப்போது பலரும் "அக்கா, உங்க நம்பருக்கு அனுப்பிட்டேன்" என்கிறார்கள். பணம் போவது குழுவின் கணக்குக்கு அல்ல, ஊக்குநரின் சொந்தக் கணக்குக்கு. அவர் அதை எடுத்து குழுக் கணக்கில் கட்ட ரெண்டு நாளோ ஒரு வாரமோ ஆகலாம்.

ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். குழுவில் 12 பேர். மாதச் சேமிப்பு ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 2,400. கடன் வாங்கிய எட்டுப் பேரின் தவணை தலா 1,450 என்றால் 11,600. மொத்தம் 14,000 ரூபாய். இந்தத் தொகை ஊக்குநரின் கணக்கில் இருக்கும்போது அவர் ஏமாந்தால், போவது 12 பேரின் பணம். ஆனால் வங்கியின் பார்வையில் அது ஊக்குநரின் சொந்தப் பணம்தான். குழுவின் பெயர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

ஏமாற்று எப்படி நடக்கிறது?

இதே 14,000 ரூபாயை வைத்தே அவர் நடித்துக் காட்டினார். போன் வருகிறது. "மேடம், வங்கியில இருந்து பேசுறோம். உங்க குழுவுக்கு 25,000 ரூபாய் மானியம் வந்திருக்கு. வாட்ஸ்அப்ல ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா உடனே ஏறிடும்" என்கிறார் ஒருவர். குழுவின் பெயரைச் சரியாகச் சொல்கிறார். கணக்கு எந்த வங்கியில் என்றும் சொல்கிறார். நம்பாமல் இருப்பது கஷ்டம்.

கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயரும் ஒரு தொகையும் வரும். அடுத்து பின் நம்பர் கேட்கும் பக்கம். இங்கேதான் நிறுத்திப் படிக்க வேண்டும் என்கிறார் ஆலோசகர். அந்தப் பக்கத்தில் பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று எழுதியிருக்கும். Pay, Sending போன்ற சொற்கள் இருந்தால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். எதிர்முனையில் இருப்பவர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பது, இதைப் படிக்க விடாமல் இருக்கத்தான்.

"பணம் வர்றதுக்கு பின் நம்பர் எதுக்கு? உங்க வீட்டுக்குள்ள ஒருத்தர் அரிசி மூட்டை கொண்டுவந்து வச்சுட்டுப் போக, உங்க பீரோ சாவியைக் கேட்பாங்களா?" என்றார் அவர். யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும், இருப்பு பார்க்கவும்தான். பணம் பெற அது ஒருபோதும் தேவையில்லை.

"பணம் கேட்டு கோரிக்கை அனுப்புவதைத்தான் நிறுத்திவிட்டார்களே?" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் வணிக நிறுவனங்களின் கணக்கில் இருந்து கோரிக்கை வரலாம். கியூஆர் கோடு வழியும் அப்படியே இருக்கிறது. அதனால் கதவு ஒன்று மூடினாலும் பின் நம்பர் விதி மாறவில்லை.

குழுவின் விவரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு ஆலோசகர் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கச் சொன்னார். கடன் விண்ணப்பத்துக்காக அனுப்பிய ஆதார் அட்டைகள், பாஸ்புக்கின் முதல் பக்கம், உறுப்பினர் பெயர், போன் நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தன. வேலை முடிந்த பிறகும் யாரும் அழிக்கவில்லை. அந்த 12 போன்களில் ஒன்று தொலைந்தால் போதும், அல்லது ஒன்றில் தவறான செயலி ஏறினால் போதும். எல்லாம் வெளியே போய்விடும்.

அவர் சொன்ன வழி எளிது. ஆதார் நகலைக் குரூப்பில் போடாமல், வாங்குபவருக்கு மட்டும் கொடுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுக்கலாம். ஆதார் இணையதளத்தில் Masked Aadhaar என்ற பெயரில் அதை இறக்கிக்கொள்ளலாம். காகித நகல் என்றால் எதற்காகக் கொடுக்கிறோம், என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் .apk என்று முடிந்தால் அதைத் தொடவே கூடாது. அரசுத் திட்டத்தின் பெயரிலும் வங்கியின் பெயரிலும் அது வரும். அது படமோ விண்ணப்பமோ அல்ல, ஒரு செயலி. போனில் ஏறி அனுமதி பெற்றுவிட்டால், வரும் ஓடிபி எஸ்எம்எஸ்களை அது படித்து வேறொருவருக்கு அனுப்ப முடியும்.

போன் இல்லாமலும் பணம் போகுமா?

போகும். ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் பின் நம்பரும் கிடையாது, ஓடிபியும் கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இருந்தால் போதும். ஊருக்கு வரும் வங்கித் தொடர்பாளரின் சின்ன மெஷினில் இப்படித்தான் பணம் எடுக்கிறோம்.

இதில் பார்க்க வேண்டியது இரண்டாவது முறை விரல் வைக்கும் நேரம். "ரேகை விழல, மறுபடி வைங்க" என்பது பல நேரம் உண்மையாகவே இருக்கும், வயல் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். ஆனால் முதல் தடவையே பணம் எடுக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் மறுபடி விரல் வைக்கும் முன் 'தோல்வி' என்று வந்த ரசீதைக் கேளுங்கள், எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது. அதற்கு ஆதாருடன் போன் நம்பர் இணைந்திருக்க வேண்டும். ஆனால் பூட்டினால் எல்லா இடத்திலும் பூட்டுதான். ரேஷன் கடையிலும் கைரேகை ஏற்காது. அங்கே போகும் முன் தற்காலிகமாகத் திறக்கத் தெரிந்தவர்கள் மட்டும் இதைச் செய்வது நல்லது என்று அவர் எச்சரித்தார்.

அப்படியென்றால் குழுப் பணத்தை எப்படி வசூலிப்பது?

பேச்சின் முக்கியமான பகுதி இதுதான். குழுக் கணக்கில் இருந்து பணம் எடுக்கத்தான் ரெண்டு கையெழுத்து வேண்டும். பணம் போட யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஆகவே உறுப்பினர்கள் ஊக்குநரின் நம்பருக்கு அனுப்பாமல், குழுவின் கணக்குக்கே நேரடியாக அனுப்பலாம்.

யுபிஐ செயலிகளில் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் கொடுத்து அனுப்பும் வசதி இருக்கிறது. ரெண்டும் பாஸ்புக்கிலேயே இருக்கும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, அது குழுக் கணக்கில் ஏறியதை வங்கியில் உறுதி செய்துகொண்ட பிறகு மற்றவர்கள் அனுப்பலாம். செயலியில் சேமித்து வைத்துவிட்டால் அடுத்த மாதம் மறுபடி எண் தட்ட வேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைச் சொல்ல, அதைத் தொகையுடன் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த முறை பாஸ்புக் பதிவு போட்டதும் ஒத்துப்பார்க்க வேண்டும். "அனுப்பிட்டேன்னு காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. அதை யார் வேணும்னாலும் மாத்தலாம். பாஸ்புக்ல வந்தாத்தான் பணம்" என்றார் ஆலோசகர்.

பணம் போய்விட்டால் முதலில் என்ன செய்வது?

வெட்கப்பட்டு ரெண்டு நாள் மறைப்பதுதான் பெரிய நஷ்டம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். போன தொகை, நேரம், உங்கள் வங்கி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு எட்டும்போது பணம் இன்னும் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைக்க முடியும். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு வேகமாக மாற்றுவார்கள். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம்.

அதே நேரத்தில் உங்கள் வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண் வாங்க வேண்டும். காரணம், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல். பின் நம்பரையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், வங்கியிடம் இருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பே இல்லை.

கூட்டம் முடியும்போது குழு ஒரு தீர்மானம் எழுதியது. அடுத்த மாதம் முதல் சேமிப்பும் தவணையும் குழுக் கணக்குக்கே நேராகப் போகும். பட்டன் போன் வைத்திருக்கும் மூன்று பேர் மட்டும் கூட்டத்தில் ரொக்கமாகக் கொடுப்பார்கள், அதை மறுநாளே ரெண்டு பேர் சேர்ந்து போய் வங்கியில் கட்டுவார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஊக்குநர் சொன்னது: "இத்தனை நாளா மத்தவங்க பணம் என் போன்ல கிடந்தா தூக்கமே வராது. இனிமே நிம்மதி."