கல்லின் வாட்டம்

நம்ம ஊர் பெரியநாயகி அம்மன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தூண்களையும் மதிலையும் பார்த்துவிட்டு, "மெஷின் இல்லாத விஜயநகரக் காலத்தில் இவ்வளவு பெரிய கருங்கல்லை எப்படிப் பிளந்தார்கள்?" என்று கேட்பதுண்டு. அதற்கு விடை அந்த அரசின் தலைநகரான ஹம்பியில் திறந்தவெளியிலேயே கிடக்கிறது. அங்கே பல பாறைகளின் மேல் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் தையல் போட்டதுபோல் வரிசையாக இருக்கின்றன. குழி வெட்டி, ஏனோ பிளக்காமல் விட்டுப்போன கற்கள் அவை.

கருங்கல்லை நசுக்குவது கடினம். ஆனால் இழுத்துப் பிரிக்க, நசுக்குவதற்கு வேண்டிய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆப்பு செய்வது அதைத்தான். குழியின் இரு பக்கத்தையும் அது வெளியே தள்ள, நடுவில் கல் இழுபட்டுப் பிரிகிறது.

ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பிரியாது. கருங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். அந்த வாட்டத்தில் கல் சுலபமாகப் பிளக்கும். அதற்குக் குறுக்கே இரண்டாவது வாட்டம் ஒன்று உண்டு. அதில் கொஞ்சம் சிரமம். மூன்றாவது திசை முரட்டுத் திசை. ஓரத்தில் ஒரு சில்லைத் தட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: நல்ல வாட்டத்தில் உடைந்த முகம் சமமாக இருக்கும், முரட்டுத் திசையில் கரடுமுரடாக இருக்கும்.

பத்தடித் தூண் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளப் பக்கம் நல்ல வாட்டத்தோடு போகும்படி கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் குழிகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்தாலும் போதும். முரட்டுத் திசையில் வெட்டுவதானால் நெருக்கமாக வைக்க வேண்டும். பிறகு எல்லா ஆப்பையும் முறை வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு அடியாகச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆப்பு இறுக இறுகச் சத்தம் கணீரென்று மாறும். அப்போது கையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். விரிசல் தானாகவே ஓடிச் சேர நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் அந்த இடம் மட்டும் பெயர்ந்து, கோடு தப்பிவிடும்.

இன்னொரு சூட்சுமம், கோட்டின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் விரிசல் அந்தப் பக்கமே வளைந்து வெளியேறிவிடும். அதனால்தான் பெரிய கல்லைப் பாதியாக, பிறகு அந்தப் பாதியைப் பாதியாகப் பிளப்பார்கள். ஓரத்திலிருந்து மெல்லிய பலகையாக உரிக்கப் பார்ப்பதில்லை.

மர ஆப்பை வைத்துத் தண்ணீர் ஊற்றி ஊதவைத்துப் பிளந்தார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவ்வளவு சிறிய குழிக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியுமே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இப்போது கல்குவாரிகளில் குழி வெட்டுவதில்லை, டிரில்லால் வட்டத் துளை போடுகிறார்கள். துளைக்குள் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு. வேலை அதேதான். பழைய கல்லின் ஓரத்தில் பல் பல்லாகப் பாதிக் குழிகள் தெரியும். புதிய வேலிக்கல்லின் ஓரத்திலோ பாதிக் குழாய் போல நீளக் கோடுகள்.