பிம்பம்: அசலா, பிரதியா?

கட்டம் போட்ட தாளில் ஒரு முக்கோணம். அதன் கீழே, ‘y-அச்சைப் பொறுத்துப் பிரதிபலித்து, பிம்பத்தின் ஆயத்தொலைவுகளை எழுதுக’ என்று ஒரு வரி. இலங்கை மாணவருக்கு ஆயத்தொலைவு ‘ஆள்கூறு’, பிம்பம் ‘விம்பம்’, பிரதிபலிப்பு ‘தெறிப்பு’. பெயர் எப்படி இருந்தாலும், கணக்கில் பிம்பம் என்பது வேலை முடிந்தபின் கிடைக்கும் உரு. ஆனால் அந்தச் சொல் வந்த வீட்டில் அதன் பொருளே வேறு.

வடமொழியில் பிம்பம் என்பது ஞாயிறு, திங்களின் வட்டம். வானில் இருக்கும் நிலா பிம்பம். குளத்தில் தெரிவது பிரதிபிம்பம். பிரம்மத்தைப் பிம்பமாகவும் சீவனை அதன் பிரதிபிம்பமாகவும் காட்டும் அத்வைதக் கொள்கைக்குப் பிரதிபிம்பவாதம் என்றே பெயர். (கோவைப் பழத்துக்கும் வடமொழியில் பிம்பம் என்ற பெயர் உண்டு, இதழுக்கு உவமை தேடிய கவிஞர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.) இந்தியும் மலையாளமும் கண்ணாடியில் தெரிவதற்குப் ‘பிரதி’யை விடாமல் வைத்துக்கொண்டன. தமிழ்ப் பாடநூல் அதை உதிர்த்துவிட்டு, அசலின் பெயரை நகலுக்குக் கொடுத்தது. மெய்ப்பிம்பம், மாயப்பிம்பம் என்று ஒளியியலில் படித்துப் பழகிய நமக்கு அந்த மாற்றம் தெரிவதே இல்லை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சார்புகளைப் பற்றிப் பேசும்போது ‘நிழல் உரு’ என்றும் சொல்கின்றன. அசல் அங்கே ‘முன் உரு’. நிழல் நீண்டு குறுகுமே, நீளம் மாறாத உருவுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கலாம். பழந்தமிழில் நிழல் என்பது வெயில் மறைவை மட்டும் குறிக்கவில்லை. நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் சாயலையும் குறித்தது. நிழற்படம் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. ஆகவே பெயரில் குற்றமில்லை. ‘முன்’ என்ற ஒட்டு எது முதலில் வந்தது என்றும் சொல்லிவிடுகிறது. என் கணக்கில் இந்த இணைதான் மேல்.

சொல்லில் இருக்கும் இந்தக் குழப்பம் தாளில் எப்போது வெளிப்படும் என்று பார்க்கலாம். முக்கோணத்தின் முனைகள் A(1, 1), B(4, 1), C(4, 3). y-அச்சைப் பொறுத்துப் பிரதிபலித்தால் ஒவ்வொரு முனையும் அச்சின் மறுபுறம் அதே தூரத்தில் போய் நிற்கும். மாறுவது x-இன் குறி மட்டுமே: A′(–1, 1), B′(–4, 1), C′(–4, 3). கேள்வியில் y என்று இருப்பதால் y-இன் குறியை மாற்றிவிடுவதுதான் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. முக்கோணம் x-அச்சுக்குக் கீழே போய்விட்டதைப் பார்த்தவுடனே அதைக் கண்டுகொள்ளலாம்.

அதே ABC-ஐப் பிரதிபலிக்காமல், ஆதிப்புள்ளியைச் சுற்றி 90° இடஞ்சுழியாகத் திருப்பினால் (x, y) என்பது (–y, x) ஆகும். முனைகள் (–1, 1), (–1, 4), (–3, 4). A இரண்டு வேலையிலும் (–1, 1)-இலேயே வந்து விழுவதைக் கவனியுங்கள். ஒரு முனையை மட்டும் சரிபார்க்கும் ஆசிரியருக்குப் பிரதிபலிப்பும் சுழற்சியும் ஒன்றாகவே தெரியும். A, B, C என்ற வரிசையில் விரலை ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். அசலில் விரல் இடஞ்சுழியாகப் போகும். சுழற்சிக்குப் பிறகும் அப்படியே. பிரதிபலிப்பில் மட்டும் வலஞ்சுழியாகிவிடும்.

இடப்பெயர்வில் திசை மாறாது, குறிகளை மாற்றும் விதியும் கிடையாது, கூட்டல் கழித்தல்தான். ஐந்து அலகு இடப்பக்கம் என்றால் ஒவ்வொரு x-இலும் 5 குறையும்: (–4, 1), (–1, 1), (–1, 3). வரைந்த படத்தைக் காட்டி எத்தனை அலகு நகர்ந்தது என்று கேட்டால் சிலர் ‘இரண்டு’ என்பார்கள். இரு முக்கோணங்களுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை எண்ணியிருப்பார்கள். A-யிலிருந்து A-யின் புது இடம்வரை எண்ணினால்தான் ஐந்து வரும்.

இனி இரண்டு வேலைகள் அடுத்தடுத்து: ‘ABC-ஐ y-அச்சில் பிரதிபலிக்க. பின்பு ஆதிப்புள்ளியைச் சுற்றி 90° இடஞ்சுழியாகச் சுழற்றுக. பிம்பத்தின் ஆயத்தொலைவுகளை எழுதுக.’ எதைச் சுழற்றுவது? A′B′C′-ஐ. முதல் வேலையில் நகலாக இருந்தது இரண்டாவதில் அசலாகிறது. வடமொழிப் பொருளில் அதுவே இப்போது பிம்பம். விடை A″(–1, –1), B″(–1, –4), C″(–3, –4). முதல் முக்கோணத்தையே எடுத்துச் சுழற்றியவருக்கு (–1, 1), (–1, 4), (–3, 4) வரும். x மூன்றும் சரி, y மூன்றுக்கும் குறி தவறு. விடைத்தாளில் இந்த வடிவத்தைப் பார்த்தால், மாணவருக்குச் சுழற்சி தெரியும், எதன் பிம்பம் என்பதுதான் தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பயிற்சித்தாள் தயாரிப்பவர்களே, ‘பிம்பம்’ என்று மொட்டையாக விடாமல், ‘A′B′C′-இன் பிம்பம்’ என்று எழுதுங்கள்.