ஆப்-ஆம்ப் விடையைச் சரிபார்த்தல்

ஆப்-ஆம்ப் எனப்படும் செயல்பாட்டுப் பெருக்கிக் கணக்கின் விடையை மூன்று கேள்விகள் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பெருக்கத்துக்குரிய வாய்பாடு சரிதானா, வெளியீட்டின் குறி சரிதானா, வந்த மின்னழுத்தத்தைச் சில்லால் உண்மையில் தர முடியுமா? மாணவர் விடைத்தாள்களில் முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது விடுபட்டுப்போவதே மிகுதி.

எடுத்துக்காட்டாக, 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்டு இன்றும் ஆய்வகங்களில் புழங்கும் 741 சில்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு +15 வோல்ட், −15 வோல்ட் என இரட்டை மின்வழங்கி தரப்பட்டிருக்கிறது. உள்ளீடு 10 கிலோ ஓம் மின்தடை வழியாகப் புரட்டும் முனைக்குச் செல்கிறது. வெளியீட்டிலிருந்து அதே முனைக்கு 100 கிலோ ஓம் பின்னூட்ட மின்தடை வருகிறது. புரட்டா முனை புவியோடு இணைந்துள்ளது. இதுதான் புரட்டும் பெருக்கி.

V_out = −(R_f / R_in) × V_in

இந்த வாய்பாட்டின்படி பெருக்கம் −10. உள்ளீடு 0.5 வோல்ட் எனில் வெளியீடு −5 வோல்ட். இதை மனப்பாடத்தை நம்பாமல் மின்னோட்டத்தைக் கொண்டே சோதிக்கலாம். எதிர் பின்னூட்டம் இருப்பதால் புரட்டும் முனையும் புவியின் மின்னழுத்தத்திலேயே, அதாவது ஏறத்தாழ 0 வோல்ட்டில், நிற்கிறது. எனவே 10 கிலோ ஓம் வழியாக 50 மைக்ரோ ஆம்பியர் பாய்கிறது. சில்லின் முனை ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. அந்த 50 மைக்ரோ ஆம்பியரும் 100 கிலோ ஓம் வழியாக வெளியீட்டை நோக்கிச் செல்கிறது. அங்கே 5 வோல்ட் இறக்கம். 0 வோல்ட்டில் தொடங்கி 5 வோல்ட் இறங்கினால் மறுமுனை −5 வோல்ட். எதிர்க்குறி வந்த காரணம் இதுதான். இந்த வழியில் கணக்கிடுபவர் மின்தடைகளின் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டாலும் உடனே கண்டுகொள்வார்.

உள்ளீடு புரட்டா முனைக்குத் தரப்பட்டு, 10 கிலோ ஓமின் மறுமுனை புவியில் இருந்தால் பெருக்கம் 1 + R_f / R_in, அதாவது +11. இங்கே 10 என்று எழுதுவது அடிக்கடி நிகழும் பிழை. படத்தில் + முனை சில நேரம் மேலேயும் சில நேரம் கீழேயும் வரையப்படும். ஆகவே இடத்தைப் பார்க்காமல் குறியைப் பார்த்துத்தான் வாய்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி உள்ளீட்டை 2 வோல்ட் ஆக்குவோம். வாய்பாடு −20 வோல்ட் என்கிறது. மின்வழங்கியே −15 வோல்ட்தான். அதைத் தாண்டி வெளியீடு போக வழியில்லை. 741-இல் அந்த எல்லை வரைகூடப் போகாது. ±15 வோல்ட் வழங்கலில், 2 கிலோ ஓம் சுமையோடு, அதன் வெளியீடு பொதுவாக ±13 வோல்ட் வரை செல்லும். தரவுத்தாள் உறுதி தருவது ±10 வோல்ட்டுக்கு மட்டுமே. ஆகவே 2 வோல்ட் உள்ளீட்டுக்குரிய விடை சுமார் −13 வோல்ட், தெவிட்டிய நிலை. கேள்வி இலட்சியப் பெருக்கி என்று சொன்னால் −15 வோல்ட் என எழுதலாம். −20 எந்த நிலையிலும் தவறு.

தெவிட்டிய பின் புரட்டும் முனை 0 வோல்ட்டில் இருக்கும் என்ற கருதுகோளும் செல்லாது. வெளியீடு −13 வோல்ட்டில் நின்றுவிட்டதால், இரு மின்தடைகளும் சேர்ந்து அந்த முனையின் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன:

(2 × 100 − 13 × 10) / 110 ≈ 0.64 வோல்ட்

மேசையில் சுற்றை வைத்திருப்பவருக்கு இது மிகப் பயனுள்ள அளவீடு. மல்டிமீட்டரைப் புரட்டும் முனையில் வைத்துப் பார்க்கலாம். சில மில்லி வோல்ட் மட்டும் காட்டினால் பெருக்கி ஒழுங்காக இயங்குகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது தெவிட்டியிருக்கலாம், அல்லது பின்னூட்ட மின்தடையின் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம்.

மாறுதிசை உள்ளீட்டில் ஏமாற வாய்ப்பு அதிகம். 1 வோல்ட் ஆர்.எம்.எஸ். சைன் அலையைக் கொடுத்தால் வெளியீடு 10 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்று கணக்கு வரும்; 13-க்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எல்லையோடு ஒப்பிட வேண்டியது முகட்டு மதிப்பை. அது 14.1 வோல்ட். அலைநோக்கியில் மேல் முகடும் கீழ் முகடும் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். இந்தச் சுற்றில் அலை சிதையாமல் வெளிவர உள்ளீட்டின் முகடு சுமார் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஒற்றை மின்வழங்கியில் இயங்கும் எல்.எம்.358 போன்ற சில்லில் குறியே எல்லையாகிவிடும். கீழ் வழங்கல் முனை புவியில் இருக்கும்போது எதிர் மின்னழுத்தம் தர அதற்கு வழியில்லை. அதே மின்தடைகளோடு, 12 வோல்ட் வழங்கலில், 0.5 வோல்ட் உள்ளீட்டுக்கு அது −5 வோல்ட் தராது. வெளியீடு 0 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிடும்.